'தெரியாது' என்று சொல்பவரிடம் அடுத்து என்ன கேட்பது?

3 ஜூன் 2025, இரவு 9.40 | செம்பூர் மகன்

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு மாதமாகத் தலை சுற்றுகிறது என்கிறார். நேற்று மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். "தெரியாது" என்றார் அப்பா. எப்போது வருகிறது? "தெரியாது." எவ்வளவு நேரம் இருக்கிறது? அதற்கும் அதே பதில். பொறுமை போய், "காலையில்தான் வரும் டாக்டர், ஐந்து நிமிடம் இருக்கும்" என்று நான் குறுக்கே சொன்னேன். "உங்களுக்கா சுற்றுகிறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி அப்பாவையே பார்த்தார். கடைசியில் ஒரு மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அப்பா மறதிக்காரர் அல்லர். ரயில்வேயில் இருந்தவர். 1974 வேலைநிறுத்தத்தின்போது எந்த வண்டி எந்த நிலையத்தில் நின்றது என்று இன்றும் சொல்வார். தம் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் தெரியாது என்கிறார். அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு உட்காருவதா?

4 ஜூன், காலை 8.15 | அந்தேரி

இதற்கு எளிய வழி இருக்கிறது. திறந்த கேள்வி கேட்காதீர்கள். இரண்டைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். காலையா, மாலையா? உட்காரும்போதா, நடக்கும்போதா? காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் தொலைபேசியில் விவரம் கேட்டு எழுதியிருக்கிறேன். "எப்படி நடந்தது?" என்றால் தெரியாது என்பார்கள். "வலப் பக்கம் இடித்ததா, இடப் பக்கமா?" என்றால் உடனே பதில் வரும். தெரியாது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

4 ஜூன், இரவு 10.05 | தொண்ணூறடி சாலை

தாராவியிலிருந்து எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள், இந்தியும் மராத்தியும் வராத நம் ஊர்க்காரர்களுடன் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய், மருத்துவர் கேட்பதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை இந்தியிலும் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். நான் மருத்துவர் அல்லள்.

அந்தேரி நண்பர் சொல்வது பாதி சரி. பதில் உடனே வரும். வந்த பதில் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

2017இல் நடந்தது. தோல் பட்டறையில் வேலை செய்பவர், 52 வயது. இரவு ஒன்பது மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருத்துவர் "எப்படி வலிக்கிறது?" என்றார். நான் தமிழில் கேட்டேன். "சொல்லத் தெரியவில்லை" என்றார். கூட்டமான நேரம், பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். உதவி செய்வதாக நினைத்து, "எரிகிறதா, குத்துகிறதா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "எரிகிறது" என்றார். அதையே இந்தியில் சொன்னேன். வயிற்று எரிச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டிய நிலையில் திரும்பத் தூக்கி வந்தார்கள். இசிஜி எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு.

பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வார்டில் பார்த்தபோது, "அண்ணே, அன்றைக்கு எரிந்ததா?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "எரியவில்லை அம்மா. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல இருந்தது. நீங்கள் இரண்டு சொன்னீர்கள். குத்தவில்லை. அதனால் எரிகிறது என்றேன்."

இரண்டை மட்டும் நீட்டினால் மூன்றாவதாக இருக்கும் உண்மைக்கு இடமில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நான் கொடுத்த இரண்டில் குறைவாகத் தவறானதை எடுத்துக்கொண்டார். அவரிடம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: "சொல்லத் தெரியாவிட்டால் கையால் காட்டுங்கள்." காட்டச் சொல்லியிருந்தால் கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சு நடுவில் அழுத்தியிருப்பார். வார்டில் அந்தக் கதையைச் சொன்னபோது அப்படித்தான் செய்தார்.

4 ஜூன், இரவு 10.30 | தொண்ணூறடி சாலை

செம்பூர்த் தம்பிக்கு நேரடியாக ஒன்று. உங்கள் அப்பா சொன்னது "தெரியாது"தானா, "தெரியவில்லை"யா, "சொல்லத் தெரியவில்லை"யா? நமக்கு இவை வேறு வேறு. "சொல்லத் தெரியவில்லை" என்பவருக்கு உள்ளே இருக்கிறது, சொல்தான் கிடைக்கவில்லை. அவருக்குச் சொற்களை எடுத்துக் கொடுக்கலாம். "ஞாபகம் இல்லை" என்பவருக்குச் சொற்கள் உதவாது, நாளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெறும் "தெரியாது", அதுவும் சட்டென்று வந்தால், பல சமயம் கேள்வியே புரியவில்லை, அல்லது எதற்குக் கேட்கிறார்கள் என்ற பயம். இந்தியில் எல்லாமே "மாலூம் நஹி" ஆகிவிடுகிறது. முதல் நான்கைந்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

5 ஜூன், காலை 7.50 | முலுண்ட் அம்மா

என் மகனும் இதே போலத்தான். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். அறிவியலா, வணிகமா என்று கேட்டால் தெரியாது என்கிறான். எதற்கெடுத்தாலும் தெரியாது. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

5 ஜூன், பிற்பகல் 1.20 | தொண்ணூறடி சாலை

முலுண்ட் அம்மா, இங்கே நாங்கள் பேசுவது நோயாளி மருத்துவரிடம் சொல்லும் தெரியாது. உங்கள் மகன் சொல்வது "இப்போது கேட்காதே" என்பதாக இருக்கலாம். அதற்குப் பட்டியல் நீட்டினால் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிவிட்டு எழுந்து போவான்.

5 ஜூன், இரவு 11.10 | மாட்டுங்கா டாக்டர்

நாற்பது ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 2017 நிகழ்ச்சி. அந்தப் பழியை அந்த அம்மையார் தனியாகச் சுமக்க வேண்டாம். 52 வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் எரிகிறது என்றாலும் குத்துகிறது என்றாலும் இசிஜி எடுத்திருக்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் நம்பி அனுப்பியது மருத்துவரின் தவறு.

இரண்டாவது, அந்தேரி நண்பருக்கு. எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தலைவலி பற்றிய ஒரு நேர்காணலில் இதைச் சோதித்து 1975இல் எழுதினார். இதுவரை வேறு எத்தனை மருந்துகளை முயன்றிருக்கிறீர்கள் என்பது கேள்வி. சிலரிடம் "ஒன்றா, இரண்டா, மூன்றா?" என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் "ஒன்றா, ஐந்தா, பத்தா?" என்று கேட்டார்கள். முதல் குழுவின் சராசரி 3.3. இரண்டாம் குழுவின் சராசரி 5.2. மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவர்களே. அவர்கள் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டவர் அடுக்கிய எண்கள் இழுத்துவிட்டன. தொலைபேசியில் ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை என்கிறீர்களே, அதுவே எனக்குக் கவலை. தெரியாதவர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

மூன்றாவது, தலைசுற்றல். "எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்க எனக்கும் கல்லூரியில் கற்பித்தார்கள். அறை சுழல்கிறதா, மயக்கம் வருவது போலா, தள்ளாட்டமா, இனம் தெரியாத லேசான உணர்வா என்று நான்கு வகை. 2007இல் அமெரிக்காவில் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இந்த வகையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சராசரியாக ஆறு நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் வேறு வகையைச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்பவற்றுக்குச் சொன்ன பதில்கள் அவ்வளவாக மாறவில்லை.

ஆகவே செம்பூர் நண்பரே, உங்கள் தந்தை "எப்படி" என்பதற்குத் தெரியாது என்றது நேர்மையான பதில். அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். எதைச் செய்யும்போது வருகிறது என்பதற்குப் போங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுற்றலுடன் பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் துவண்டாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ இந்தக் கேள்விகள் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

6 ஜூன், காலை 9.00 | அந்தேரி

ஆராய்ச்சி இருக்கட்டும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது கதை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. விருப்பங்கள் கொடுக்காமல் எப்படி?

6 ஜூன், இரவு 9.30 | தொண்ணூறடி சாலை

கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. நாளைப் பற்றிய கேள்வியில் நான் கற்றுக்கொண்டதை ஒரு பாட்டியின் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. அறுபத்தைந்து வயது இருக்கும், நான்குனேரிப் பக்கத்துப் பாட்டி, இருமலோடு வந்திருந்தார். "எத்தனை நாளாக?" என்றார் மருத்துவர். "ரொம்ப நாளாக." "எத்தனை நாள்?" "தெரியாது." முன்பெல்லாம் நான் "பத்து நாளா, பதினைந்து நாளா?" என்றுதான் கேட்பேன். இரண்டும் பாட்டிக்கு ஒன்றுதான். காதில் கடைசியாக விழுந்ததைச் சொல்லிவிடுவார்.

மருத்துவருக்குத் தேவை சரியான எண்ணிக்கையும் அன்று. இரண்டு வாரத்துக்கு மேலா, உள்ளேயா? அதற்கு மேல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனைக்கு எழுதுவார். அந்த ஒரு கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தால் போதும். அன்றிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 16. அதையொட்டி மும்பையில் யாருக்கும் மறக்காத நாள் கணபதி கரைத்த நாள், அது 17ஆம் தேதி. "கணபதியைக் கரைக்க எடுத்துப் போனார்களே, அன்றைக்கு இருமல் இருந்ததா?" என்றேன். "இருந்தது. மேளச் சத்தமும் புகையும், வாசலில் நிற்க முடியவில்லை" என்றார்.

கணக்குப் போட்டால் பதின்மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு! மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார். அங்கே நிறுத்தியிருந்தால் இருமல் மருந்தோடு அனுப்பியிருப்பார்கள். அன்று இருமல் இருந்தது என்றால், அன்றுதான் தொடங்கியது என்று ஆகாது. அதற்கு முந்தைய நாளுக்குப் போனேன். "பிள்ளையார் சதுர்த்தி அன்றைக்கு எப்படி இருந்தீர்கள்?" இருமல் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. பாட்டி முகம் சுருங்கியது. "அன்றைக்குத்தான் மருமகள் என்னை அடுப்படிக்கே விடவில்லை. இருமிக்கொண்டே கொழுக்கட்டை பிடிக்காதீர்கள் அத்தை என்று சொல்லிவிட்டாள்." பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7. இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்கள், காசநோய் உறுதியானது. ஆறு மாத மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டு இந்த ஏப்ரலில் முடித்தார்.

இதில் நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கொழுக்கட்டையைத்தான். கொழுக்கட்டை என்று நான் சொல்லவில்லை, மருமகளைப் பற்றியும் கேட்கவில்லை. நாம் கொடுக்காத ஒன்று பதிலில் வந்துவிட்டால், அவர் தம் ஞாபகத்திலிருந்து எடுத்துப் பேசுகிறார் என்று நம்புவேன். "எரிகிறது" என்றவர் நான் கொடுத்த சொல்லை மட்டுமே திருப்பித் தந்தார், கூட ஒரு சொல் இல்லை. அன்றே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

7 ஜூன், காலை 6.40 | தொண்ணூறடி சாலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "முகம் சுருங்கியது" என்று எழுதினேன். அதுவும் ஒரு பதில்தான் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த நாளைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது, அதனால்தான் அந்த நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பெரிய நாள் ஒருவருக்குப் பெரிய நாளாக இருக்க வேண்டியதில்லை. பழைய விஷயம் கேட்கும்போது 26 ஜூலை 2005 வெள்ளத்தைச் சொல்லிப் பார்ப்பேன், நம் பகுதியில் அதை மறந்தவர் இல்லை. ஆனால் அந்த வருடம் ஊரில் இருந்தவரிடம் அது எடுபடாது. "அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

7 ஜூன், இரவு 8.45 | மாட்டுங்கா டாக்டர்

கொழுக்கட்டைக் கணக்கு நன்றாக இருக்கிறது. முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடுதல் விவரம் வந்தால் நம்பலாம் என்பது பெரும்பாலும் சரி. சிலர் கேட்பவரைத் திருப்திப்படுத்த விவரத்தையும் சேர்த்துவிடுவார்கள், தெரிந்தே செய்வதில்லை. நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவர்களிடம் இது அதிகம். வேறு இரண்டு பேச்சுக்குப் பிறகு அதே கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் கேள்வியைத் தாமே விரிக்கலாமா? மருத்துவர் "எப்படி வலிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் தமிழில் விருப்பங்களை அடுக்கி, வந்த ஒன்றை மட்டும் இந்தியில் சொல்கிறீர்கள். நோயாளி தாமே சொன்னதாக மருத்துவர் நினைப்பார். கேட்டவர் யார், அடுக்கியவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

7 ஜூன், இரவு 10.50 | தொண்ணூறடி சாலை

இந்தக் கேள்வி என்னை உறுத்தியதால் உடனே பதில் எழுதவில்லை. டாக்டர் சொல்வது நியாயம். 2017இல் "எரிகிறது என்கிறார்" என்று மட்டும் சொன்னேன். "முதலில் சொல்லத் தெரியவில்லை என்றார், நான் இரண்டு சொல் கொடுத்தேன், அதில் ஒன்றை எடுத்தார்" என்று சொல்லியிருந்தால் அந்த மருத்துவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். இப்போது அப்படித்தான் சொல்கிறேன். சிலர் எரிச்சலடைகிறார்கள், "வலி எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வியை விரிக்கவே கூடாது என்றால் அதை ஏற்க மாட்டேன். "தெரியாது" என்பதை அப்படியே இந்தியில் சொல்லிவிட்டு நின்றால், இரண்டு நிமிடத்தில் கேஸ் பேப்பரோடு அந்த ஆள் வெளியே வந்துவிடுவார். தமிழ் மருத்துவர் என்றால் தாமே இன்னும் நான்கு விதமாகக் கேட்டிருப்பார். மொழி தெரியாததால் அது கிடைக்காமல் போக வேண்டுமா?

8 ஜூன், காலை 10.15 | மாட்டுங்கா டாக்டர்

மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டு விரியுங்கள். அதற்கு மேல் எனக்கும் தெளிவில்லை.

8 ஜூன், மாலை 5.30 | செம்பூர் மகன்

நேற்றிரவு முயன்றேன். "அப்பா, படுத்துப் புரளும்போது வருகிறதா, படுக்கையிலிருந்து எழும்போதா, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும்போதா, மேலே பார்க்கும்போதா, நடக்கும்போதா?" என்று ஒரே மூச்சில் கேட்டேன். "எல்லாவற்றிலும்" என்றார். மறுபடி கேட்டால், "என்னை விசாரணை செய்கிறாயா?" என்கிறார்.

8 ஜூன், இரவு 9.10 | தொண்ணூறடி சாலை

ஐந்தை ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் முதல் மூன்று மறந்துவிடும் தம்பி. "எல்லாம்" என்பது "தெரியாது" என்பதன் இன்னொரு வடிவம். நோயாளி இரண்டாம் முறை "எல்லாம்" என்றால் நான் கேட்பதை நிறுத்திவிடுவேன்.

கேள்வியாகவே கேட்காமல் ஒரு நாளை நடத்திப் பாருங்கள். "நேற்றுக் காலை எழுந்தீர்கள், எந்தப் பக்கமாக இறங்கினீர்கள்?" பல் தேய்த்தது, குளித்தது, பேப்பர் படித்தது என்று அவர் போக்கில் வரட்டும். எங்கே சுவரைப் பிடித்தார், எங்கே சற்று உட்கார்ந்தார் என்று மட்டும் கவனியுங்கள். தலைசுற்றல் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம். இன்னொன்று, நேற்று நடந்ததைக் கேளுங்கள். "வழக்கமாக எப்போது?" என்றால் அவர் இரண்டு மாதத்தையும் மனதில் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது. முடியாமல்தான் தெரியாது என்கிறார். நேற்று என்றால் ஒரே ஒரு நாள்.

9 ஜூன், காலை 11.00 | முலுண்ட் அம்மா

நான் வேறு விஷயம் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், உதவுமா பாருங்கள். என் மகன் வீட்டில் எதிரே உட்கார்ந்து கேட்டால் வாய் திறப்பதில்லை. லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வரும்போது தானாகவே பேசுகிறான். நேற்று தாதரிலிருந்து திரும்பும்போது வணிகம் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. காட்கோபர் தாண்டியதும் அவனே காரணம் சொன்னான்.

9 ஜூன், இரவு 9.20 | தொண்ணூறடி சாலை

உதவும் அம்மா. மருத்துவமனையில் வெளி பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது எனக்குக் கிடைத்த விவரம், உள்ளே மேசைக்கு எதிரே கிடைத்ததைவிட அதிகம். மருத்துவர் எதிரே உட்கார்ந்தாலே சிலருக்குத் தேர்வு எழுதுவது போல் இருக்கிறது. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், தெரியாது என்பது பத்திரமான பதிலாகிவிடுகிறது. இப்போதெல்லாம் வரிசையில் நிற்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன். அந்தேரி நண்பர் நேரம் இல்லை என்றாரே, வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரமும் நேரம்தான்.

10 ஜூன், காலை 8.30 | அந்தேரி

இதை ஏற்கிறேன். எங்கள் வேலையில் வரிசை என்று ஒன்று இல்லை, அழைப்பு வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நேற்று வந்த அழைப்புகளில் "வலப் பக்கமா, இடப் பக்கமா, அல்லது கவனிக்கவில்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன். அன்று பேசிய ஒன்பது பேரில் நான்கு பேர் கவனிக்கவில்லை என்றார்கள். பதினொரு ஆண்டுகளாக அந்த நான்கு பேர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

10 ஜூன், இரவு 10.00 | தொண்ணூறடி சாலை

"கவனிக்கவில்லையா" என்பது நல்ல சொல். "தெரியாதா?" என்று கேட்பதைவிட அதில் குற்றம் சாட்டும் தொனி குறைவு. நானும் எடுத்துக்கொள்கிறேன்.

12 ஜூன், இரவு 11.30 | தொண்ணூறடி சாலை

இன்று ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். பௌர்ணமி, கல்யாண நாள், ரேஷன் வாங்கிய நாள் என்று நான் நாள்களைத் தேடிக்கொண்டிருந்தேன். எதற்கும் அசையவில்லை. பிறகுதான் பார்த்தேன், அவர் கண் முழுவதும் பின்னால் நின்ற மாமியார் மேல் இருந்தது. மாமியாரைக் கேஸ் பேப்பரில் முத்திரை வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். கதவு மூடியதும் தேதியையே சொல்லிவிட்டார்.

நாள் காட்டுவதும் சொல் கொடுப்பதும் இங்கே வீண். யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். மேலே 4ஆம் தேதி நான் எழுதிய வகைகளில் இதைச் சேர்க்கவில்லை. செம்பூர்த் தம்பி, மனம் கோணாமல் கேளுங்கள். உங்கள் அப்பா நீங்கள் பக்கத்தில் இருப்பதாலேயே தெரியாது என்றிருக்கவும் கூடும்.

17 ஜூன், இரவு 9.55 | செம்பூர் மகன்

நேற்று மறுபடி மருத்துவரிடம் போனோம்.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, துணி எதுவும் காயவில்லை. கேள்வி கேட்கும் எண்ணமே அப்போது இல்லை. கொடியில் துண்டு ஒரு பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "இதை யார் போட்டது?" என்று கேட்டேன். "நான்தான். அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறதே, அதனால் பார்க்காமல் வீசிப் போட்டேன்" என்றார். பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ராத்திரி வலப் பக்கம் புரண்டாலும் அப்படித்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவேன், நின்றுவிடும்" என்றார். பத்து எண்ணும் நேரம்! நான் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன்.

மருத்துவரிடம் நான் வெளியே இருக்கிறேன் என்றேன். அப்பா தனியாக உள்ளே போனார். கதவு முழுவதும் மூடவில்லை. "துண்டு", "கட்டில் கம்பி" என்ற சொற்கள் காதில் விழுந்தன. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப் பக்கம் திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கியது. சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு அப்பாவின் கண்மணிகள் துடிக்க ஆரம்பித்தன. அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டில் நின்றது.

17 ஜூன், இரவு 10.20 | மாட்டுங்கா டாக்டர்

உள்காதில் சிறு சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். தலையை வரிசையாகச் சில நிலைகளுக்குத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பியிருப்பாரே, செய்தாரா?

17 ஜூன், இரவு 10.35 | செம்பூர் மகன்

செய்தார் டாக்டர். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். திரும்பவும் வரலாம், வந்தால் இதையே செய்துகொள்ளலாம் என்றார். இன்று காலை கொடியில் துண்டு நேராகத் தொங்கியது.

18 ஜூன், காலை 6.30 | தொண்ணூறடி சாலை

தம்பி, அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் அந்த மருத்துவர் கேட்டபோது துண்டு அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லையா, வந்தும் இதைப் போய்ச் சொல்வதா என்று விட்டுவிட்டாரா?

18 ஜூன், இரவு 8.15 | செம்பூர் மகன்

கேட்டேன் அக்கா. "டாக்டர் தலையைப் பற்றித்தானே கேட்டார், துண்டைப் பற்றிக் கேட்கவில்லையே" என்கிறார்.